பார்த்தவருக்கு இரண்டு மடங்கு: மூணு சீட்டில் ப்ளைண்டும் சீனும்

1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சீட்டாட்டம் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னது. செகந்திராபாத்தில் இருந்த கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப்பில் 1963ல் போலீஸ் நடத்திய சோதனையில் தொடங்கிய வழக்கு அது. கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தது ரம்மி. ரம்மி சூதாட்டமா, இல்லையா என்பது கேள்வி. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று முடிவு செய்ய வேண்டும், ஆகவே ரம்மியில் திறமைதான் முக்கியம் என்று நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதினார். ஆந்திர அரசு எதிர் சத்யநாராயணா என்ற அந்தத் தீர்ப்பை இன்றுவரை ரம்மிக்காரர்கள் கேடயம் மாதிரி தூக்கிப் பிடிக்கிறார்கள்.

அதே பத்தியில் இன்னொரு ஆட்டத்தைப் பற்றியும் நீதிமன்றம் ஒரு வரி சொன்னதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ரம்மியோடு ஒப்பிட்டுக் காட்ட, ஒரு பழைய மெட்ராஸ் வழக்கில் வந்த ‘மூன்று சீட்டு’ ஆட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். ஃப்ளஷ், ப்ராக் என்று பல பெயர்களில் ஆடப்படும் அந்த ஆட்டம் முழுக்க முழுக்க அதிர்ஷ்டம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதைத்தான் நாம் இன்று தீன் பத்தி என்கிறோம்.

அந்த ஒரு வரி சரியா? சீட்டை மட்டும் பார்த்தால் சரி. பணம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம் இல்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

பெயரும் வழியும்

எங்கள் பக்கம், தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒகேனக்கல் போகும் மலைப்பாதையில் இருக்கும் அஞ்செட்டி வட்டாரத்தில், சீட்டு என்றால் பெரும்பாலும் ரம்மி, இல்லையென்றால் உள்ளே வெளியே. எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் அதே உள்ளே வெளியேதான் அந்தர் பாஹர் ஆகிவிடும். மூணு சீட்டு இந்த இரண்டுக்கும் அடுத்த இடத்தில் இருந்தது. ஓசூர் தொழிற்பேட்டைக்கு வடக்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கி, அப்புறம் எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வந்த பிறகு, தீன் பத்தி என்ற இந்திப் பெயரோடு அது மறுபடி வந்திருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் மூன்று சீட்டைக் கவிழ்த்து ‘ராணி எங்கே’ என்று ஏமாற்றுவார்களே, அது வேறு. அது ஆட்டமே இல்லை, கைவித்தை.

தீர்ப்பில் ப்ராக் என்ற பெயர் வந்தது தற்செயல் அல்ல. ப்ராக் இங்கிலாந்தின் பழைய சீட்டாட்டம். சீட்டாட்ட விதிகளுக்குப் பெயர்போன எட்மண்ட் ஹாயில் 1751லேயே அதற்குத் தனியாக ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். இன்று அங்கே ஆடும் மூன்று சீட்டு ப்ராகையும் நம் தீன் பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு பளிச்சென்று தெரியும். கைகளின் வரிசை ஒன்றுதான்: மூன்றும் ஒரே எண், அடுத்து ஒரே ஜாதியில் வரிசை, வெறும் வரிசை, கலர், ஜோடி, கடைசியில் பெரிய சீட்டு. சின்ன வித்தியாசங்கள் உண்டு. அங்கே மூன்று மூன்றுகள்தான் உச்சம், இங்கே மூன்று ஆஸ். அங்கே ஆஸ்-2-3 வரிசைதான் பெரிது, இங்கே ஆஸ்-ராஜா-ராணி.

முக்கியமான ஒற்றுமை ப்ளைண்டு. சீட்டைப் பார்க்காமல் ஆடுகிறவர் பாதிப் பணம் போட்டால் போதும் என்ற விதி இரண்டு ஆட்டத்திலும் அப்படியே இருக்கிறது. பார்க்காமல் ஆடுகிறவரைப் பார்த்தவர் ‘காட்டு’ என்று கேட்க முடியாது என்ற விதியும் இரண்டிலும் உண்டு. இவ்வளவு விசித்திரமான இரண்டு விதிகள் இரண்டு நாட்டில் தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்று நம்புவது கடினம். வெள்ளைக்காரர் காலத்தில் வந்து, இங்கே பெயரும் உச்சச் சீட்டும் மாறிய ஆட்டம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

விதியைச் சரியாகப் புரிந்துகொள்வோம்

எல்லாரும் ஆரம்பத்தில் ஒரே தொகையை நடுவில் போடுகிறார்கள். அதற்குப் பெயர் பூட். ஆளுக்கு மூன்று சீட்டு, கவிழ்த்த நிலையில். பிறகு முறை சுற்றி வரும். உங்கள் முறை வரும்போது சீட்டை எடுத்துப் பார்க்கலாம், பார்க்காமலும் ஆடலாம். பார்த்துவிட்டால் அந்தக் கை முடியும்வரை நீங்கள் சீன். திரும்ப ப்ளைண்டு ஆக முடியாது.

அப்போதைய பந்தயம் 10 ரூபாய் என்றால் ப்ளைண்டு ஆள் குறைந்தது 10, அதிகபட்சம் 20 போடலாம். சீன் ஆள் குறைந்தது 20, அதிகபட்சம் 40. சீன் ஆள் 40 போட்டால் பந்தயம் அதில் பாதியாக, அதாவது 20 ஆகக் கணக்கு வைக்கப்படும். முடியாது என்றால் சீட்டைப் போட்டுவிட்டுப் போகலாம், அது பேக். கடைசியில் இரண்டு பேர்தான் மிச்சம் என்றால் ஒருவர் பணம் கட்டி ஷோ கேட்கலாம். ப்ளைண்டு ஆள் பந்தயத் தொகையைக் கட்டினால் போதும். சீன் ஆள் இரண்டு மடங்கு கட்ட வேண்டும், அதுவும் எதிரில் இருப்பவரும் சீனாக இருந்தால்தான். சில மேசைகளில் இதைத் தளர்த்தி ஆடுவார்கள். ஆனால் ஆட்டத்தின் உயிரே இந்த விதியில்தான் இருக்கிறது. ஏன் என்று கீழே வரும்.

சீட்டின் மதிப்பு, பணம் போடுவதற்கு முன்

52 சீட்டில் மூன்று சீட்டு எடுக்க 22,100 வழி இருக்கிறது. மூன்றும் ஒரே எண்ணாக 52, ஒரே ஜாதி வரிசையாக 48, வெறும் வரிசை 720, கலர் 1,096, ஜோடி 3,744. மிச்சம் 16,440 கைகளில் ஒன்றுமே இல்லை, பெரிய சீட்டு மட்டும்தான். அதாவது நாலில் மூன்று தடவை உங்கள் கையில் ஜோடிகூட இருக்காது.

எல்லாக் கைகளையும் சின்னதிலிருந்து பெரியதாக வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பது எது? எண்ணிப் பார்த்தேன். ராஜா-10-2. ராஜா-9-8 வரை கீழ்ப்பாதி, அதற்கு மேல் மேல்பாதி. நிறையப் பேர் ஜோடி வந்தால்தான் நல்ல கை என்று நினைக்கிறார்கள். எதிரில் ஒரே ஒருவர், அவரும் சீட்டைப் பார்க்காதவர் என்றால், வெறும் ராஜா-10 வைத்திருந்தாலே நீங்கள் சமநிலைக்குக் கொஞ்சம் மேலே. ஒரு ஏழு ஜோடி இருந்தால் 100ல் 82 தடவை நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். (கையில் உள்ள சீட்டு எதிராளிக்குப் போகாது என்பதால் கணக்கில் துளி வித்தியாசம் வரும். இங்கே அதை விட்டுவிடுகிறேன்.)

உச்ச நீதிமன்றம் பார்த்தது இந்த இடம்வரைதான். சீட்டு வந்தபின் மாற்ற முடியாது, கழிக்க முடியாது, சேர்க்க முடியாது. ஆகவே அதிர்ஷ்டம். ஆனால் ஆட்டமே இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கையை முழுசாக ஆடிப் பார்ப்போம்

ஆறு பேர் ஆளுக்கு 10 ரூபாய் பூட் போட்டார்கள். நடுவில் 60 ரூபாய். நாலு பேர் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேக் பண்ணிவிட்டார்கள். மிச்சம் நீங்களும் இன்னொருவரும். நீங்கள் சீட்டைப் பார்த்துவிட்டீர்கள். அவர் பார்க்கவில்லை. பந்தயம் 10. உங்கள் முறை.

நீங்கள் 20 போடுகிறீர்கள். அவர் 10 போட்டு உடனே ஷோ கேட்டால் நடுவில் 90 ரூபாய் இருக்கும். 90 ரூபாய்க்காக நீங்கள் 20 கட்டியிருக்கிறீர்கள். 100ல் 22 தடவை ஜெயித்தாலே கட்டிய காசு திரும்பிவிடும். அதற்கு ஜாக்கி-5-3 மாதிரி ஒரு சுமாரான கையே போதும்.

ஆனால் அவர் ஷோ கேட்கவில்லை. 10 ரூபாயைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். திரும்ப உங்கள் முறை. நீங்கள் ஷோ கேட்க முடியாது, அவர் ப்ளைண்டு. இன்னொரு 20 போட வேண்டும், இல்லையென்றால் நடுவில் இருப்பதை விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். சுற்றுகளின் எண்ணிக்கை n என்றால் நீங்கள் ஜெயிக்க வேண்டிய விகிதம் இது:

```
20n / (60 + 30n)
```

ஒரு சுற்றில் முடிந்தால் 22 சதவீதம். இரண்டு சுற்று என்றால் 33. மூன்று என்றால் 40. ஆறு சுற்று என்றால் 50. சுற்று கூடக் கூட இது மூன்றில் இரண்டை, அதாவது 67 சதவீதத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். காரணம் எளிது. ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் சேரும் 30 ரூபாயில் 20 உங்களுடையது. மூன்றில் இரண்டு பங்கு தடவை ஜெயிக்கிற கை இல்லையென்றால் ஒவ்வொரு கூடுதல் சுற்றும் உங்களுக்கு நஷ்டம்.

மூன்றில் இரண்டு பங்கு ஜெயிக்கும் கை எது? ஆஸ்-ஜாக்கி. அதாவது ஒரே ஆளுக்கு எதிராக, ஒரே சீட்டுக்கட்டில், ஆட்டம் ஒரு சுற்றில் முடிந்தால் ஜாக்கி-5-3 போதும். நீண்டுகொண்டே போனால் ஆஸ்-ஜாக்கிக்குக் கீழே எல்லாம் சுமை. உங்கள் கையில் ராஜா-9-8 இருக்கிறது என்று வையுங்கள். சீட்டு மாறவே இல்லை. முதல் சுற்றில் அது லாபமான கை, பத்தாவது சுற்றில் நஷ்டமான கை. எந்தச் சுற்றோடு நிறுத்துவது என்பது உங்கள் கையில் இல்லை, சீட்டையே பார்க்காதவர் கையில் இருக்கிறது.

இதோடு இன்னொன்று. அவர் 10க்குப் பதிலாக 20 போட்டால் பந்தயம் இரட்டிப்பாகி உங்களுக்கு 40 ஆகும். அவர் இன்னொரு தடவை இரட்டித்தால் உங்களுக்கு 80. நாலு தடவை இரட்டித்தால் அவர் போடுவது 160, நீங்கள் போட வேண்டியது 320. பூட் 10 ரூபாய்தானே என்று உட்கார்ந்தவர் சம்பளத்தோடு எழுந்து போவது இப்படித்தான்.

அப்படியென்றால் பார்க்காமல் ஆடுவதே நல்லதா?

அப்படியும் இல்லை. இப்போது நாற்காலியை மாற்றி உட்காருவோம். நீங்கள் ப்ளைண்டு, எதிரில் இருப்பவர் சீன்.

அவர் எந்தக் கையோடும் விடாமல் ஆடுகிறவர் என்றால் உங்களுக்கு வேட்டை. பாதிக்குப் பாதி ஜெயிப்பீர்கள், ஆனால் மூன்றில் ஒரு பங்குதான் கட்டுகிறீர்கள். ஒரு சுற்று கூடினால் சராசரியாக 5 ரூபாய் உங்களுக்கு லாபம். ஷோ கேட்காமல் இழுக்க வேண்டும்.

அவர் ஆஸ்-ஜாக்கிக்கு மேல் இருந்தால் மட்டுமே ஆடுகிற கெட்டிக்காரர் என்றால் கதை வேறு. மூன்றில் இரண்டு தடவை அவர் பேக் பண்ணிவிடுவார், நடுவில் உள்ள 60 உங்களுக்கு. ஆனால் அவர் 20 போட்டுவிட்டார் என்றால் எல்லாக் கைகளிலும் மேல் மூன்றில் ஒரு பங்கு அவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். பார்க்காத உங்கள் சீட்டு அதை ஜெயிக்க ஆறில் ஒரு வாய்ப்புதான். இப்போது இழுத்தால் சுற்றுக்கு 5 ரூபாய் நஷ்டம். ஆனால் உடனே 10 கட்டி ஷோ கேட்டால், நடுவில் உள்ள 90ல் ஆறில் ஒரு பங்கு 15. பத்து ரூபாய்க்குப் பதினைந்து ரூபாய் மதிப்பு. அப்போதும் ஷோ கேட்பது சரி, இழுப்பது தப்பு.

கவனியுங்கள். இரண்டு இடத்திலும் உங்கள் சீட்டு ஒன்றுதான்: தெரியாத மூன்று சீட்டு. முடிவு மாறியதற்குக் காரணம் எதிரில் இருக்கும் ஆள். பார்க்காமல் ஆடும்போது நீங்கள் சீட்டைப் படிப்பதில்லை, ஆளைப் படிக்கிறீர்கள்.

இரண்டு பேரும் சீன் என்றால் இந்த வடிகட்டல் இன்னும் கடுமையாகும். மேலே சொன்ன ஏழு ஜோடியை எடுத்துக்கொள்வோம். பார்க்காதவருக்கு எதிராக 82 சதவீதம். எதிரில் இருப்பவர் சீட்டைப் பார்த்து, ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால்தான் இரண்டாம் சுற்றுக்கு வருகிறவர் என்றால் அதே ஏழு ஜோடி ஜெயிப்பது 28 சதவீதம்தான். அவரிடம் இருக்கக்கூடிய 5,660 கைகளில் உங்கள் ஜோடிக்குக் கீழே இருப்பவை ஆறு ஜோடி வரை உள்ள 1,440 மட்டும். மிச்சம் எல்லாம் சம ஜோடி அல்லது பெரிசு. ஒரு சுற்றுப் பணம் போட்டதில் 82 ரூபாய் சொத்து 28 ரூபாயாகிவிட்டது. இதைத் தெரியாதவர்தான் ‘ஜோடி வந்துச்சு, அதான் கடைசிவரை போனேன்’ என்று சொல்கிறார்.

திரும்பத் தீர்ப்புக்கு

ஆகவே மூணு சீட்டில் திறமை இல்லை என்பது உண்மை அல்ல. பணம் போடுவதில் திறமை இருக்கிறது, அதைக் கணக்கு போட்டே காட்ட முடிகிறது. ஆனால் சட்டம் கேட்கிற கேள்வி திறமை இருக்கிறதா என்பது அல்ல. எது மேலோங்கி நிற்கிறது என்பது. 1996ல் குதிரைப் பந்தய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைத்தான் வைத்தது.

இந்த இடத்தில் போக்கரை ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். அதுவும் பந்தயச் சுற்றுகளால் ஆன ஆட்டம்தான். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்தது, இரண்டும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி. அப்படியானால் போக்கரில் பந்தயத் திறமை கணக்கில் வருகிறது, மூணு சீட்டில் வராதா என்று கேட்கலாம்.

வித்தியாசம் இதுதான். பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் போக்கரில் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே புதுச் சீட்டு திறக்கப்படுகிறது. சுற்றுக்குச் சுற்று நீங்கள் கணக்கைப் புதுப்பிக்க ஒரு புது உண்மை கிடைக்கிறது. மூணு சீட்டில் ஆரம்பத்தில் வந்த மூன்றோடு சரி. அதற்குப் பிறகு வரும் ஒரே தகவல் மற்றவர்கள் போடும் பணம். ப்ளைண்டு ஆள் அந்தத் தகவலைக்கூடத் தருவதில்லை. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள நீங்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மடங்கு கட்டுகிறீர்கள், ஆனால் எதுவும் தெரிவதில்லை, ஏனென்றால் அவருக்கே தெரியாது. திறமைக்கு இடம் உண்டு, ஆனால் அந்த இடம் குறுகலானது. வேகமாக இரட்டிக்கும் பந்தயம் அதை இன்னும் குறுக்குகிறது. பத்துக் கையில் சரியாக ஆடிச் சேர்த்த 50 ரூபாயை ஒரே கையில் 320 கேட்டு வாங்கிவிடும் ஆட்டம் இது.

அதனால் 1967ன் அந்த ஒரு வரி காரணத்தில் குறைவு, முடிவில் பெரிய தவறில்லை என்பது என் கருத்து. ஹிதாயத்துல்லா பார்த்தது சீட்டு எப்படி உருவாகிறது என்பதை. பணம் எப்படிப் பெருகுகிறது என்பதையும் பார்த்திருந்தால் முடிவு ஒருவேளை அப்படியே இருந்திருக்கும், காரணம் இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

இணையத்தைப் பொறுத்தவரை இந்த வாதமே இப்போது ஓரம் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்பதில்லை, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் என்றாலே தடை. போனில் இப்போது மிச்சம் இருப்பது பொய்க் காசு தீன் பத்திதான். அதில் ஒரு ஆபத்து உண்டு. பொய்க் காசில் யாரும் பேக் பண்ண மாட்டார்கள். எல்லாரும் எல்லாக் கையோடும் கடைசிவரை வருவார்கள். அங்கே ப்ளைண்டில் இழுத்து இழுத்து ஜெயித்துப் பழகியவர், தீபாவளி சமயத்தில் நிஜக் காசு மேசையில் அதையே செய்வார். அங்கே எதிரில் இருப்பவர் ஆஸ்-ஜாக்கிக்கு மேல்தான் ஆடுகிறவர். சுற்றுக்கு 5 ரூபாய் லாபம் என்று பழகிய அதே பழக்கம், அங்கே சுற்றுக்கு 5 ரூபாய் நஷ்டம்.